பள்ளத்தோரச் சாலைக்கு மூன்று வழிகள்

"பொருள்: பேரிடர் மேலாண்மை – கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் பள்ளம் – அதை ஒட்டிச் செல்லும் ஊராட்சி ஒன்றியச் சாலை – வடகிழக்குப் பருவமழை – போக்குவரத்துப் பாதுகாப்பு – மாற்று வழிகள் – ஆணை வேண்டப்படுகிறது."

அரியலூர் மாவட்ட ஆட்சியரகத்தில் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் உதவியாளராக இருந்தபோது, ஓர் அக்டோபர் மாதத்துப் புதன்கிழமை நான் எழுதிய குறிப்பின் தலைப்பு இது. அதன் நகல் என்னிடம் இல்லை; இருக்கவும் கூடாது. தலைப்பும் தேதியும் மட்டும் மனப்பாடமாக இருக்கின்றன. தேதிகளைக் குறித்து வைப்பது சிறு வயதிலிருந்தே எனக்குள்ள பழக்கம். மழை பிடித்த நாள், ஏரி வழிந்த நாள், ஊரில் முதல் லாரி வந்த நாள் என்று எதையாவது எழுதிக்கொண்டே இருப்பேன்.

விஷயம் இதுதான். அரியலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் இடையில், பெரிய சாலையிலிருந்து பிரிந்து ஒரு சிற்றூருக்குப் போகிறது அந்தத் தார்ச்சாலை. பாதி வழியில் அதன் இடப்பக்கம் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் பள்ளம். தோண்டுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. குத்தகைக் காலம் முடிந்து, தோண்டியவர்கள் போய்விட்டார்கள். குத்தகைக் காகிதங்கள், மாவட்டம் பிரிவதற்கு முந்தியவை என்பதால், பெரம்பலூர் பதிவறையில் ஏதோ ஒரு கோப்புக் கட்டுக்குள் கிடந்தன. பள்ளத்தில் பச்சை நிறத்தில் தண்ணீர் நின்றது. ஆழம் யாருக்கும் தெரியாது. மேலே மண், கீழே கல். மழை பெய்யப் பெய்ய மேல்மண் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் இறுதியில் ஒரு திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாளில் அந்த ஊர்ப் பெற்றோர் சிலர் வந்து மனு கொடுத்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற சாலை, கரை இடிகிறது, ஏதாவது செய்யுங்கள் என்று. ஆட்சியர் மனுவின் மூலையில் பச்சை மையில் எழுதினார்: மாற்று வழிகள், ஆதாரம், பரிந்துரை, இரண்டு பக்கத்துக்குள், மழைக்கு முன்.

அந்தச் சாலையில் ஒரே ஒரு டவுன் பஸ் ஓடியது. அதை ஓட்டியவர் என் கணவர்.

இது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மனு என் மேசைக்குத்தான் வந்தது. அந்த வகைக் கோப்புகள் என் பொறுப்பு. வேறு ஆள் இல்லை.

அறிக்கைகள் கேட்டுக் கடிதம் அனுப்பினோம். கனிம வளத் துறை, தாலுக்கா ஆபீஸ், ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் என மூன்று இடம். மூன்று பதில்களும் வந்தன. மூன்றும் ஒரே மாதிரி சொல்லின: பள்ளத்துக்கும் சாலைக்கும் இடையில் போதுமான இடைவெளி உள்ளது, எச்சரிக்கைப் பலகையும் வேலியும் அமைத்தால் போதும்.

எங்கள் பிரிவுத் தலைவர் வட்டாட்சியர் நிலையில் உள்ளவர். பெரம்பலூரில் இருந்தபோதே எனக்குத் தெரிந்தவர். குறிப்பு எழுதுவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. அந்த ஆட்சியரகத்தில் எல்லோரும் அதைத்தான் பின்பற்றினார்கள். மூன்று வழி எழுத வேண்டும். முதலாவது, செலவாலோ எதிர்ப்பாலோ நடக்காத ஒன்று. மூன்றாவது, இருப்பதை இருந்தபடி விடுவது. நமக்கு வேண்டியதை நடுவில் வைக்க வேண்டும். படிக்கிற அதிகாரி முதலாவதைப் பார்த்துப் பயந்து, மூன்றாவதைப் பார்த்துக் கூச்சப்பட்டு, நடுவில் வந்து நிற்பார்.

அதன்படி புதன்கிழமை எழுதினேன்; வரைவை அவரும் பார்த்தார். முதல் வழி, சாலையை மழைக்காலம் முழுவதும் மூடிவிட்டு, பஸ்ஸைப் பெரிய சாலை வழியாகச் சுற்றி அனுப்புவது. இரண்டாவது, வேலி, பலகை, இரவில் ஒளிரும் விளக்கு. பஸ் வழக்கம்போல் ஓடும். மூன்றாவது, கண்காணிப்பு மட்டும். பரிந்துரை: இரண்டு.

ஆதாரம் என்ற பகுதியில் மூன்று அறிக்கைகளையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் எதிரிலும் தேதி போட்டேன். அப்போதுதான் கவனித்தேன். ஒன்றியப் பொறியாளர் செப்டம்பரில் எழுதியிருந்தார். தாலுக்கா ஆபீஸ் அறிக்கையைப் பார்த்து. தாலுக்கா ஆபீஸ் அதற்குச் சில நாள் முன்னால் எழுதியிருந்தது. கனிம வளத் துறை அறிக்கையைப் பார்த்து. கனிம வளத் துறை ஆள் டேப் பிடித்து அளந்தது மே மாதத்தில், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது. அதற்குப் பிறகு யாருமே அந்த இடத்தில் இறங்கி அளக்கவில்லை. கோடை மழை பெய்தது, ஆடி போய் ஆவணியில் இரண்டு நல்ல மழை பெய்தது. அளவு மட்டும் மே மாதத்திலேயே நின்றுவிட்டது. நான் மூன்று ஆதாரம் என்று எழுதியிருந்தது ஒரே ஆதாரம்.

யாரும் பொய் சொல்லவில்லை. கீழேயிருந்து வந்த அறிக்கையை ஏற்று மேலே அனுப்புவதுதான் எங்கள் வேலை. நானும் அதைத்தான் செய்யப் போனேன்.

வீட்டில் என் கணவரிடம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அந்தப் பள்ளத்தோரம் எப்பிடி இருக்கு?"

"எப்பிடி இருக்கும், பள்ளமாத்தான் இருக்கும்."

"கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. கரை இடிஞ்சிருக்கா?"

"நான் ரோட்டப் பாத்து ஓட்டுவனா, கரையப் பாத்து ஓட்டுவனா? தெனமும் போறேன் வரேன். ஒண்ணும் ஆவல. ஆபீஸ்ல ஒக்காந்து பயந்து சாவாத."

வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, காலை முதல் ட்ரிப்பில் அவர் பஸ்ஸிலேயே ஏறினேன். கண்டக்டர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர், வாய் ஓயாது.

"அண்ணி, டிக்கெட் எடுங்க. டிரைவர் பொண்டாட்டிக்குப் பாஸ் கெடையாது."

"பொம்பளைங்களுக்குத்தான் காசே கெடையாதே, தம்பி."

"அதுக்கும் சீட்டுக் கிழிக்கணும்ல. கலெக்டர் ஆபீஸ் ஆளு நீங்களே ரூல்ஸ் தெரியாம இருந்தா எப்பிடி?"

பள்ளத்தோரத்தில் இறங்கிக்கொண்டேன். பஸ் ஊருக்குள் போய்விட்டது. சாலையில் யாருமில்லை. தாரின் விளிம்புக்கு அப்பால் புல் முழங்காலளவு வளர்ந்திருந்தது. பார்த்தால் நல்ல தரை போலத்தான் தெரிந்தது. புல்லை விலக்கி விலக்கி நடந்தேன். ஓரிடத்தில் சாலைக்கு இணையாக மண்ணில் ஒரு கோடு ஓடியது. மாடு மிதித்த தடம் என்று முதலில் நினைத்தேன். குடையின் நுனியை அதில் வைத்து அழுத்தினேன். எங்கும் முட்டாமல் கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

குடையை இழுக்கப் பயமாக இருந்தது. இழுத்தால் தரை அசையுமோ என்று தோன்றியது. நான் வெடிப்பின் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று பார்த்தேன். தண்ணீர்ப் பக்கம்.

எப்படித் தாண்டி வந்தேன் என்று நினைவில்லை. தார் மேல் வந்து நின்றேன். செருப்பு ஒன்று புல்லிலேயே கிடந்தது; எடுக்கப் போகவில்லை. சாலையில் நின்றபடியே கைபேசியில் படம் எடுத்தேன். அதில் தேதியும் நேரமும் விழும்.

அதற்குள் ஊரிலிருந்து பஸ் திரும்பி வந்தது. பள்ளிப் பிள்ளைகள் ஏறியிருந்தார்கள், படியில்கூட ஆள். என்னைக் கண்டு அவர் வேகத்தைக் குறைத்தார். எனக்கு நேரே, அந்த வெடிப்புக்குப் பக்கத்தில், நிறைந்த பஸ்ஸோடு நிற்கப் போகிறார் என்று புரிந்ததும் இரண்டு கையையும் ஆட்டிப் போகச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. நிறுத்தியேவிட்டார். என்ஜின் உறுமுவது காலுக்கடியில் மண்ணில் தெரிந்தது.

"போங்க, முன்னாடி போய் நில்லுங்க."

"ஏறும்மா. என்ன வெளையாட்டு?"

"போங்கன்னு சொல்றேன்ல."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்து தூரத்தில் போய் நின்றது. ஒரு காலில் செருப்போடு ஓடிப் போய் ஏறினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்கிற முகங்களைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்று மதியமே குறிப்பைத் திருத்தி எழுதினேன். முதல் வழி: நிலம் எடுத்துப் பள்ளத்திலிருந்து விலக்கிப் புதுச் சாலை போடுவது. நல்ல வழிதான், இந்த மழைக்குள் நடக்காது. இரண்டாவது: மழைக்காலம் முடியும்வரை சாலையை இரு முனையிலும் தடுப்பு வைத்து மூடுவது. பஸ் பெரிய சாலை வழியாகச் சுற்றி, மறுபக்கமாக ஊருக்குள் வருவது. அந்த வழியில் தூரம் கூடுவதால் காலை ட்ரிப் நேரத்தை முன்னால் நகர்த்துவது. பொங்கலுக்குப் பிறகு மூன்று துறையும் சேர்ந்து நேரில் அளந்து, திறப்பதா என்று முடிவு செய்வது. மூன்றாவது: வேலி, பலகை, விளக்கு. பரிந்துரை: இரண்டு.

ஆதாரத்தில், மூன்று அறிக்கைகளும் மே மாதத்து ஒரே அளவை நம்பியவை என்று எழுதினேன். இன்று கண்ட வெடிப்பின் படத்தை இணைத்தேன். வெடிப்பின் ஆழமும் போக்கும் தொழில்நுட்ப ரீதியாக அளக்கப்படவில்லை என்பதையும் எழுதினேன். மறைத்தால் பின்னால் அதைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள். ஆட்சியருக்கு அதிகாரம் எங்கிருந்து என்பதற்கு, பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆபத்தான பகுதியில் வாகனப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தலாம் என்ற பிரிவைக் காட்டினேன்.

வட்டாட்சியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"நேத்து முதல்ல இருந்தது இன்னைக்கி நடுவுல வந்து ஒக்காந்திருக்கு."

"ஆமா சார்."

"மூணு டிபார்ட்மெண்ட்டு சரின்னு எழுதியிருக்கான். ஒரு அசிஸ்டெண்ட்டு கொடைய வச்சுக் குத்திப் பாத்துட்டு மூடச் சொல்றாங்கன்னு எழுதவா?"

"படம் இருக்கு சார்."

"படம் இருக்கட்டும்மா. ஊர்ல என்ன பேசுவான் தெரியுமா? வூட்டுக்காரருக்குச் சுத்துவழில ஓட்டி ஓவர்டைம் வாங்கிக் குடுக்க ரோட்டையே மூடிட்டாங்கம்பான்."

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் என்னை அரித்தது. அந்தப் பஸ்ஸை வேறு யாராவது ஓட்டியிருந்தால் விடுப்புப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்திருப்பேனா?

"எனக்குப் பயமா இருக்கு சார்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். அதற்கு மேலே, "துறை அறிக்கைகள் இப்பரிந்துரைக்கு மாறாக உள்ளன என்பது தயவான கவனத்திற்கு" என்று ஒரு வரியும் சேர்த்தார். தன் பாதுகாப்புக்கு அவர் போட்ட வேலி அது. குறை சொல்ல மாட்டேன்.

கோப்பு ஆட்சியரின் நேர்முக உதவியாளர் வழியாக மேலே போயிற்று. வெள்ளிக்கிழமை பிற்பகல் என்னையும் வட்டாட்சியரையும் கூப்பிட்டார்கள். ஆட்சியர் இளைஞர், வேறு மாநிலத்தவர். தமிழைப் பாடம் படித்துக் கற்றவர், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் பேசுவார். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"மூன்று அறிக்கைகள் உங்களுக்கு எதிராக இருக்கின்றன."

"அது மூணு இல்லைங்க சார், ஒண்ணு. தேதியப் பாருங்க."

பார்த்தார். விரலை ஒவ்வொரு தேதியிலும் வைத்து நகர்த்தினார்.

"இந்தப் படம் யார் எடுத்தது?"

"நான்தான் சார்." பிறகு, யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடலாம் என்று, "அந்தப் பஸ்ஸ ஓட்டுறவரு என் வீட்டுக்காரரு சார்" என்றேன்.

வட்டாட்சியர் தரையைப் பார்த்தார்.

"அவர் என்ன சொல்கிறார்?"

"ஒண்ணும் ஆவாதுன்னு சொல்றாரு சார்."

ஆட்சியர் சிரித்தார், உடனே அடக்கிக்கொண்டார். நாளைக் காலை மூன்று துறையும் நேரில் போய் அளக்கட்டும், அறிக்கை வந்ததும் கையெழுத்து என்றார். அது முறையான முடிவு. ஒரு சாலையை மூடுவதற்கு ஒரே ஒரு படம் போதாது என்று அவர் நினைத்ததில் தவறில்லை. ஆனால் ஜன்னலில் முதல் மழைத்துளிகள் விழுந்துகொண்டிருந்தன.

"இன்னைக்கிச் சாயங்காலம் ஒரு ட்ரிப் இருக்கு சார்" என்றேன்.

"ஒரு இரவுதானே" என்றார். "எழுத்து இல்லாமல் நிறுத்தினால், நாளை யார் நிறுத்தியது என்று கேட்பார்கள்."

வெளியே வந்ததும் கணவருக்குப் போன் செய்தேன். பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கி அந்த வழியாப் போவாதீங்க."

"ஆர்டர் போட்டாச்சா?"

"நாளைக்கித்தான்."

"அப்ப நாளையிலேருந்து போவல. இன்னைக்கி ட்ரிப்பக் கட் பண்ணா மெமோ குடுப்பான். நீ வந்து பதில் எழுதிக் குடுப்பியா?"

"குடுக்கிறேன்."

"போனை வை, நேரமாச்சு."

மழை வலுத்தது. நான் வீட்டுக்குப் போகவில்லை. அரியலூர் பஸ் நிலையத்தில் ஒரு பூக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே நின்றேன். கும்பகோணம் பஸ் வந்தது, விருத்தாசலம் பஸ் வந்தது, பெரம்பலூர் பஸ் வந்தது. ஒவ்வொன்றின் முகவிளக்கும் மழைக்குள் திரும்பும்போது பெயர்ப்பலகையைப் படித்தேன். அவர் வர வேண்டிய நேரம் கடந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கண்டக்டர் எண்ணுக்கு அடித்தேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பச்சைத் தண்ணீரும், கைப்பிடி வரைக்கும் உள்ளே போன குடையும் கண்ணுக்குள்ளேயே நின்றன. பூக்கட்டும் பெண் ஒரு ஸ்டூலை நகர்த்தி, "ஒக்காருக்கா, வந்துருவாங்க" என்றாள். யாருக்குக் காத்திருக்கிறேன் என்று அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியதால் நின்றுகொண்டே இருந்தேன்.

வந்தார். மிகவும் தாமதமாக, சேறு தெறித்த பஸ்ஸோடு. இறங்கியதும் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்தார். கண்டக்டர்தான் சொன்னார்:

"அண்ணி, நாளைக்கி எங்க ரெண்டு பேரு மெமோவுக்கும் பதில் ரெடி பண்ணுங்க. அண்ணன் சுத்துவழில போயிட்டு வந்துட்டாரு. ஒரே பேச்சு, பசங்களுக்குப் பசிக்குதுன்னு ஆயாங்க எல்லாம் திட்டித் தீத்துட்டாங்க."

"ஏன் போன எடுக்கல?"

"மழைச் சத்தத்துல கேக்கல" என்றார் என் கணவர்.

"ஏன் சுத்தி வந்தீங்க?"

"பிரியிற எடத்துல ரோட்டு மேல தண்ணி ஓடுச்சு. ரோடு தெரியல. அதான்."

"நான் சொன்னதுக்காக இல்லியா?"

"நீ சொல்லி நான் எதக் கேட்டிருக்கேன்? வா, வூட்டுக்குப் போலாம்."

வண்டியில் போகும்போது அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டேன். சட்டை நனைந்திருந்தது. அவரும் நடுங்கிக்கொண்டிருந்தார், குளிரென்று சொன்னார்.

சனிக்கிழமை காலை மூன்று துறையும் போனார்கள். வட்டாட்சியர் அங்கிருந்தே எனக்குப் பேசினார். "ஏம்மா, அளக்கறதுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார். நான் பார்த்த வெடிப்பும், அதற்கப்பால் இருந்த புல்தரையும், தாரில் பாதியும் தண்ணீருக்குள் போயிருந்தன. மீதித் தார் கீழே மண் இல்லாமல் நீட்டிக்கொண்டு நின்றது. பகலுக்குள் ஆட்சியர் இரண்டாவது வழியில் கையெழுத்திட்டார். இரு முனையிலும் தடுப்பு வைத்தார்கள். மேலே போன அறிக்கையில் உயிரிழப்பு இல்லை என்று ஒரு வரி இருந்தது.

என் கணவருக்கு மெமோ வந்தது. அனுமதியின்றித் தடம் மாறி ஓட்டியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். கரை வெள்ளிக்கிழமை மாலையே சரிந்திருந்தால், அந்தப் பக்கம் பஸ் போகவே முடியாது. மெமோவுக்கு அதுவே பதில். பொழுது விடியும்போது சரிந்திருந்தால், அவர் சொன்ன தண்ணீர் ஒன்றுதான் காரணம். கிளை மேலாளர் எங்கள் ஆபீஸுக்கு எழுதி, சரிவு எத்தனை மணிக்கு நடந்தது என்று கேட்டார்.

அந்தக் கடிதமும் என் மேசைக்குத்தான் வந்தது. ஊரில் விசாரித்தோம். ஒருவர் மாலையில் பெரிய சத்தம் கேட்டதென்றார். அது இடியாகவும் இருக்கலாம் என்று அவரே சொன்னார். விடியற்காலையில் கேட்டதாக இன்னொருவர். என் கணவர் விடியற்காலை என்றே சாதிக்கிறார். மாலை என்றால், அந்த ட்ரிப்பில் என்ன ஆகியிருக்கும் என்று இருவரும் நினைத்துப் பார்க்க வேண்டிவரும்; நான் எதிர்த்துப் பேசுவதில்லை. மெமோவை மேற்கொண்டு நடவடிக்கை இன்றி முடித்துக்கொண்டார்கள். கிளை மேலாளருக்கு நான் எழுதிய பதிலில் இருந்தது இவ்வளவுதான்: சரிவைக் கண்டது சனிக்கிழமை காலை, சரிவு நேர்ந்த நேரம் உறுதி செய்யப்படவில்லை. இன்று வரை உறுதியாகவில்லை.